‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரியைப் படிப்பதில் நேரும் தவறுகள்

வாட்ஸ்அப் உரையாடலில் சாய்ந்த எழுத்தில் தோன்றும் This message was deleted என்ற வரி, மனக்கசப்புக்கு இட்டுச்செல்லும் அளவுக்கு அடிக்கடி தவறாகப் படிக்கப்படுகிறது. அந்த வரி உண்மையில் சொல்வது மிகக் குறைவு. மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

அந்த வரி எப்படித் தோன்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. அனுப்பியவர் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்கும்போது, முன்பு அனுப்பிய இன்ன செய்தியை அகற்றுக என்ற ஒரு கட்டளை அவருடைய கணக்கிலிருந்து மற்றவர்களுக்குச் செல்கிறது. பெறுபவரின் கைபேசியில் உள்ள செயலி அந்தக் கட்டளையைப் பெற்றதும், தன்னிடம் இருக்கும் செய்தியை எடுத்துவிட்டு அதே இடத்தில் இந்த வரியை வைக்கிறது. அதாவது நீக்கம் ஒவ்வொரு கைபேசியிலும் தனித்தனியே நடக்கிறது. கைபேசி இணையத்தில் இல்லாவிட்டால், மீண்டும் இணையும்போதுதான் நடக்கும்.

இதிலிருந்து முதல் தவறு விளங்கும். அந்த வரியின் ஓரத்தில் தெரியும் நேரத்தைப் பலரும் நீக்கிய நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மூலச்செய்தி அனுப்பப்பட்ட நேரம். நீக்கிய நேரம் எங்குமே காட்டப்படுவதில்லை. 2017-இல் இந்த வசதி அறிமுகமானபோது நீக்குவதற்கு ஏழு நிமிடங்களே தரப்பட்டதால், இரண்டு நேரங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. பின்னர் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக நீண்டது. 2022 ஆகஸ்டில் இரண்டு நாட்களும் சில மணி நேரமும் என்றானது. எனவே திங்கட்கிழமை காலை அனுப்பிய ஒன்று புதன்கிழமை மாலையிலும் நீக்கப்படலாம். ஓரத்தில் அப்போதும் திங்கட்கிழமைக் காலை நேரமே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஓர் அலுவலகக் குழுவில் மேலாளர் காலை 9:10 மணிக்குப் புதிய பணி அட்டவணையை வெளியிடுகிறார். இரவு எட்டு மணிக்குக் குழுவைத் திறக்கும்போது, அட்டவணைக்கு நேர் கீழே, 9:14 மணியிட்டு, ஓர் ஊழியரின் பெயரில் நீக்கப்பட்ட செய்தி ஒன்று நிற்கிறது. அட்டவணையை எதிர்த்து ஏதோ எழுதிவிட்டுப் பயந்து அழித்துவிட்டார் என்று மேலாளர் முடிவுகட்டுகிறார். அவருக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? அந்த ஊழியரின் கணக்கிலிருந்து 9:14-க்கு ஏதோ ஒன்று வந்தது; 9:14-க்கும் இரவு எட்டுக்கும் இடையே எப்போதோ அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவுதான். வந்தது எழுத்தா, படமா, குரல் பதிவா என்பதுகூட அந்த வரியில் இல்லை. அட்டவணைக்குக் கீழே இருப்பதால் அது அட்டவணைக்கான பதில் என்றும் ஆகிவிடாது. குழுவில் அடுத்தடுத்து வருபவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலும் வரும்.

அவர் அங்கேயே நின்றுவிடாமல் இன்னும் சற்றுக் கீழே பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும். 9:17-க்கு இன்னோர் ஊழியர் அந்தச் செய்தியை மேற்கோளாகச் சுட்டி, ‘இது வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே?’ என்று கேட்டிருக்கிறார். மேற்கோளில் ‘சாவியை எங்கே வைத்தாய்?’ என்ற வரி அப்படியே இருக்கிறது. மேற்கோள், பதில் எழுதியவரின் செய்திக்குள் படியெடுத்து வைக்கப்படுவதால், மூலம் நீங்கிய பிறகும் அது பெரும்பாலும் தங்கிவிடுகிறது. செய்தியை 11 மணிக்குப் படித்ததாக வேறொருவர் சொன்னால், நீக்கிய நேரத்தின் எல்லையும் சுருங்கும். இப்படிப்பட்ட அறிதல் எல்லாம் சுற்றியிருப்பவற்றிலிருந்து வருகிறது; அந்த வரியிலிருந்து வருவதில்லை.

ஒரே பெயரில் அடுத்தடுத்து மூன்று நான்கு நீக்கங்கள் தெரிந்தால் ஐயம் இன்னும் வலுக்கும். இணைப்பு தடுமாறும்போது ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு, மிகுந்தவற்றை அழிப்பது அன்றாடம் நடப்பது. எண்ணிக்கையை வைத்து உள்ளடக்கத்தை ஊகிப்பது வீண்.

யார் நீக்கினார் என்பதில் மட்டும் அந்த வரி ஓரளவு உதவுகிறது. குழு நிர்வாகி பிறருடைய செய்தியை நீக்கினால், நிர்வாகி நீக்கினார் என்ற குறிப்பு வரியிலேயே சேர்ந்துவிடும். அந்தக் குறிப்பு இல்லையென்றால், அனுப்பிய கணக்கே நீக்கியது என்று கொள்ளலாம். கணக்கு என்று சொல்வதில் ஒரு கவனம் இருக்கிறது: ஒரே கணக்கு கணினியிலும் இணைக்கப்பட்டிருக்கலாம், கைபேசி வேறொருவர் கையில் இருந்திருக்கலாம்.

வேறு இரண்டு வரிகளை இதனோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. Waiting for this message என்று தொடங்கும் வரி நீக்கத்தைக் குறிப்பதே அல்ல. செய்தியைப் பிறர் படிக்காதபடி பூட்டித் திறக்கும் மறையாக்கத் திறவுகோல்கள் பொருந்தாததால் செய்தியை இன்னும் திறக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். அனுப்பியவர் தன் கைபேசியில் செயலியைத் திறந்தால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். மற்றொன்று விளையாட்டு. நீக்கப்பட்டது என்ற சொற்களைச் சாய்ந்த எழுத்தில் தாமே தட்டி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டதை அழுத்திப் பிடித்தால் நகலெடுக்கவும் முன்னனுப்பவும் முடியும். உண்மையான நீக்கத்தை முன்னனுப்ப முடியாது.

இனி, இவற்றுக்கெல்லாம் நேர்மாறான ஒரு தவறு: வரி இல்லை என்பதால் எதுவும் நீக்கப்படவில்லை என்று நம்புவது. அந்த வரியைப் பெறுபவரே தன் கைபேசியிலிருந்து அகற்றிவிட முடியும். அகற்றினால் இடைவெளிகூடத் தெரியாது. ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்பது அழித்தவரின் பக்கத்தில் மட்டும் தடமின்றி மறைக்கும். மறையும் செய்திகள் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று குறித்த கெடுவில் எந்த வரியும் விடாமல் போகும். டெலிகிராமில் இருவருக்கும் சேர்த்து நீக்கினாலும் அந்த இடத்தில் எதுவும் நிற்பதில்லை. ஆகவே ஒருவர் காட்டும் திரைப்பிடிப்பில் உரையாடல் தடையின்றி ஓடுகிறது என்பது, அது முழுமையானது என்பதற்குச் சான்றாகாது. ஐயம் பெரிதானால் எதிர்த்தரப்பின் கைபேசியில் உள்ள அதே உரையாடலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அனுப்பியவர்களும் இந்த வரியை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். தன் திரையில் ‘நீங்கள் இந்தச் செய்தியை நீக்கினீர்கள்’ என்று வந்துவிட்டால் எல்லாரிடமிருந்தும் போய்விட்டது என்று நிம்மதி கொள்கிறார்கள். அது தன் பக்கத்தில் நடந்ததை மட்டுமே சொல்கிறது. எதிர்ப்பக்கத்தில் நீக்கம் தவறினால் அனுப்பியவருக்கு அறிவிப்பு வராது. நீக்குவதற்கு முன்பே முன்னனுப்பப்பட்ட நகல் ஒரு தனிச் செய்தி. நீக்கக் கட்டளை அதைத் தொடாது. ஐபோனின் படத்தொகுப்பில் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட படமும் அங்கேயே இருக்கும். வங்கிக் கடவுச்சொல்லையோ அடையாள அட்டைப் படத்தையோ தவறான குழுவில் போட்டவர், நீக்கிய கையோடு கடவுச்சொல்லை மாற்றவும் வேண்டும்; அட்டைப் படமாயின், குழுவில் யாரேனும் அதைச் சேமித்தார்களா என்று நேரடியாகக் கேட்டு அழிக்கச் சொல்ல வேண்டும்.