ஹலோ வருது, டேட்டா போகல

காலிமுகத் திடலில் மூன்று ராஸ்பெரி பை வைத்து, வயர்லெஸ் கணுக்களுக்கு இடையே பாதை தேடித் தரும் AODV நெறிமுறையைச் சோதனை செய்தோம். A ஒரு பக்கம், B நடுவில், C-யைத் தூக்கிக்கொண்டு நண்பன் நடந்தான். அவன் தூரம் போனால் பாதை B வழியாக மாற வேண்டும். மாறவில்லை. ரூட்டிங் டேபிளில் C ஒரே ஹாப் தூரத்தில்தான் நின்றது. சிறிய ping சில நேரம் போகும், 1400 பைட் வைத்தால் ஒன்றுமே போகாது.

கணுக்கள் தாம் இருப்பதைப் பக்கத்தில் சொல்ல அடிக்கடி அனுப்பும் சிறு செய்திதான் ஹலோ. முதலில் அதன் இடைவெளியைக் குறைத்தேன், அப்புறம் பாதையின் காலாவதி நேரத்தை. இரண்டும் வீண். C-யின் ஹலோ ஒழுங்காக வந்துகொண்டே இருந்ததால், இணைப்பு அறுந்ததாக A நினைக்கவே இல்லை.

மானிட்டர் மோடில் பாக்கெட்டுகளைப் பிடித்து, ரேடியோடாப் ஹெடரில் வேகத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பலரும் பார்க்காமல் விடும் இடம் இது. ஹலோவும், பாதை கேட்டு அனுப்பும் RREQ-உம் பிராட்காஸ்ட், 1 Mbps-இல் போகின்றன. டேட்டாவின் வேகத்தை 11 Mbps என்று நிலையாக வைத்திருந்தோம். மெதுவான சிக்னல் அதிக தூரம் எட்டும். அதனால் டேட்டா போய்ச் சேராத கணுவும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரித் தெரிகிறது. ஹாப் குறைவு என்று அந்த நேர்ப்பாதையே ஜெயிக்கிறது.

பிராட்காஸ்ட் வேகத்தையும் 11 ஆக்க, மூன்றிலும் இதைப் போட்டேன்:

```
iw dev wlan0 set mcast_rate 11
```

இப்போது C விலகும்போது அதன் ஹலோவும் நின்றுவிடுகிறது. A புதிதாக RREQ அனுப்ப, B வழியாகப் பாதை வருகிறது. அப்பாடா! ஆனால் ஹலோ எட்டும் தூரம் சுருங்கிவிடும், அதனால் கணுக்களை நெருக்கமாக வைக்க வேண்டும்.