மொட்டை மாடி மழைநீரும் பாதாளச் சாக்கடையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில், தாழ்வான தெருக்களில் பாதாளச் சாக்கடை மூடிகளின் வழியே கருநிற நீர் பொங்கி வழிவதும், தரைத்தள வீடுகளின் குளியலறைகளில் கழிவுநீர் மேலேறி வருவதும் வழக்கமாகிவிட்டன. குழாயில் அடைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று உடனே முடிவு செய்து, அடைப்பு நீக்கும் வண்டியை வரவழைக்கிறோம். வண்டி வந்து போவதற்குள் மழையும் நின்று, நீரும் வடிந்துவிடுவதால், அடைப்பு நீங்கிவிட்டதாக நம்புகிறோம். அடுத்த பெருமழையில் அதே நிலை திரும்புகிறது.

காரணத்தைத் தவறாகக் கணிப்பதுதான் முதல் தவறு. அடைப்பு என்றால், மழையில்லாத நாளிலும், குறிப்பாக எல்லா வீடுகளிலும் நீர் புழங்கும் காலை வேளையில், சாக்கடை பொங்கும். மழை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே பொங்கி, மழை விட்டதும் தணிந்துவிடுகிறது என்றால், மழைநீர் எங்கோ நேராகக் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்குகிறது என்று பொருள். மழை நின்று பல நாள்கள் ஆன பின்னும் குழாயில் தெளிந்த நீர் மிகுதியாக ஓடினால், நிலத்தடி நீர் பழைய குழாய் இணைப்புகளின் விரிசல்கள் வழியே கசிந்து நுழைகிறது எனக் கருதலாம். இம்மூன்றில் அடைப்பு நீக்கும் வண்டியால் தீரக்கூடியது முதலாவது மட்டுமே.

சென்னையில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன. தெருவோர மழைநீர் வடிகால்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவை. அவற்றில் ஓடும் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இன்றிக் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் போன்ற நீர்வழிகளைச் சென்றடைகிறது. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் உள்ளது. அதில் வரும் கழிவுநீர் கழிவுநீரேற்று நிலையங்களில் சேர்ந்து, அங்கிருந்து பம்புகளால் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பப்படுகிறது. லண்டன் போன்ற பழைய நகரங்களில் இரண்டு நீரையும் ஒரே பெருங்குழாயில் விடும் முறை உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் ஊரில், மழையையும் தாங்குமளவு பெரிய குழாயைப் பதித்தால், எஞ்சிய மாதங்களில் அதன் அடியில் கழிவு மெல்லத் தேங்கிப் படியும். எனவேதான் இங்கே கழிவுநீர்க் குழாய்கள் வீட்டுக் கழிவுநீரை மட்டும் கணக்கிட்டுச் சிறியனவாகப் பதிக்கப்படுகின்றன.

எவ்வளவு சிறியன என்பதை ஒரு தெருவை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் வாழும் வீட்டில், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் செலவாகி, அதில் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறுவதாகக் கொண்டால், ஒரு நாளின் கழிவுநீர் 540 லிட்டர். அதே வீட்டின் மொட்டை மாடி 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆகவே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால், அந்த மாடியிலிருந்து 5,000 லிட்டர் இறங்கும். ஒன்பது நாள் கழிவுநீர் ஒரே மணி நேரத்தில் வந்து சேர்வதற்கு இது சமம். தெருவிலுள்ள 40 வீடுகளும் மிகுதியாக நீர் புழங்கும் வேளையில்கூட, அவை அனைத்தும் சேர்ந்து வெளியேற்றும் கழிவுநீர் நொடிக்கு ஒரு லிட்டரை எட்டாது. சரிவு 200-க்கு 1 என்ற அளவில் பதிக்கப்பட்ட 200 மில்லிமீட்டர் குழாய், முழுதும் நிறைந்து ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 23 லிட்டரைக் கடத்தும். வீடுகளுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் 16 மாடிகளின் மழைநீரை அதில் இணைத்துவிட்டால், மேலே உள்ள தெருக்களிலிருந்து வரும் கழிவுநீருக்கு அதில் இடமே இருக்காது.

குழாய் நிறைந்த பின், நீர் மேன்ஹோல்களில் ஏறத் தொடங்கி, எந்தத் திறப்பு மட்டத்தில் தாழ்ந்திருக்கிறதோ அதன் வழியே வெளியேறுகிறது. மேட்டிலுள்ள வீட்டார் இணைத்த மழைநீர், பள்ளத்திலுள்ள வீட்டின் குளியலறையில் மலக்கழிவோடு கலந்து எழுகிறது. இணைத்தவருக்கு எந்தத் தொல்லையும் நேர்வதில்லை என்பதாலேயே இந்தத் தவறு நீடிக்கிறது. இதுதான் இதில் மிகவும் வருத்தத்துக்குரியது.

மாடிக் குழாயை நேராகச் சேம்பரில் சொருகுவது வெளிப்படையான தவறு. பலரும் கவனிக்காத வழிகளும் உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், பல வீடுகளில் உறிஞ்சு குழி இருக்கிறது. ஆனால் குழி நிரம்பியதும் மிகை நீர் வெளியேறும் குழாயை, அருகில் இருக்கிறதே என்று, கழிவுநீர்ச் சேம்பரில் இணைத்துவிடுகிறார்கள். குழி நிரம்புவது பெருமழையில்தான் என்பதால், சாக்கடை தாங்க முடியாத நேரம் பார்த்து இந்த நீர் அதில் போய்ச் சேர்கிறது. மிகை நீரை மழைநீர் வடிகாலுக்கே கொண்டுசெல்ல வேண்டும். அதேபோல, பாத்திரம் துலக்கும் இடத்தின் தொட்டியோ சேம்பரின் மூடியோ முற்றத்தின் மட்டத்திலேயே இருந்தால், முற்றத்து மழைநீர் முழுவதும் அதில் இறங்கும். அதன் விளிம்பைச் சுற்றுத் தரையைவிட அரையடி உயர்த்திக் கட்டினால் போதும்.

தெருவில் தேங்கிய நீரை வடிப்பதற்காக மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதை ஒருபோதும் செய்யக்கூடாது. முழங்கால் அளவு நீரில் திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது. நடந்து வருபவர் அதற்குள் விழுந்து உயிரிழக்க நேரிடும். அப்படித் திறப்பதால் பயனும் இல்லை. நீரேற்று நிலையத்தின் பம்புகள் கழிவுநீர் அளவுக்கே அமைக்கப்பட்டவை. உள்ளே போன நீர் கீழ்த்தெருவில் வெளியே வரும். உடன் போகும் மணலும் பிளாஸ்டிக்கும் குழாயின் அடியில் படிந்து, மழைக்காலம் முடிந்த பிறகு உண்மையான அடைப்பை உண்டாக்கும்.

மறுதலையாக, கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவதும் கேடு தருவதே. கோடையில் அந்தச் சிறு ஓட்டம் அகன்ற வடிகாலில் நகராமல் நின்று, கசடாக இறுகிக் கொசுவை வளர்க்கிறது. மழை வரும்போது வடிகாலின் கொள்ளளவு அந்தக் கசட்டால் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

உங்கள் வீட்டு இணைப்பை மழையில்லாத நாளில் எளிதாகச் சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படும் சிவப்பு நிறப் பொடியைக் கலந்த இரண்டு வாளி நீரை மாடியின் மழைநீர்த் துளையில் ஊற்றி, கீழே ஒருவர் கழிவுநீர்ச் சேம்பரைப் பார்க்கட்டும். அங்கே சிவப்பு நீர் வந்தால், அந்த இணைப்பைத் துண்டித்துச் சேம்பரின் பக்கத் துளையைச் சிமெண்டு பூசி அடைக்க வேண்டும். மாடியில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பது நல்லது.

தாழ்வான வீடுகளில் கழிவுநீர் திரும்பி வராமலிருக்க நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துகிறார்கள். அது பயனுள்ளதே, ஆயினும் மாடி நீர் அந்த வால்வுக்கு முன்பாகவே வீட்டுக் குழாயில் சேருமானால், தெருக் குழாய் நிறைந்து வால்வு மூடிக்கொள்ளும் நேரத்தில், உங்கள் மாடியிலிருந்து இறங்கும் நீருக்கு வெளியேற வழியிருக்காது. அது உங்கள் குளியலறைத் தரையின் வழியாகத்தான் மேலே வரும். எனவே மழைநீர் இணைப்பைத் துண்டித்த பிறகே வால்வைப் பொருத்த வேண்டும்.