நிகர மதிப்பு ஏறியிருக்கிறது, யார் ஏற்றியது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய கணக்கு

இருப்பதை எல்லாம் கூட்டி, கடனை எல்லாம் கழித்தால் வருவது நிகர மதிப்பு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். எப்படி என்று ஒரு கோவைக் குடும்பத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கணவன் மனைவி இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று, வங்கிக் கடனில் வாங்கிய ஃபிளாட், 20 பவுன் நகை. எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக வைத்தவை.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31. இந்த நான்கு நாள்களின் இருப்பை மட்டும் எடுங்கள். இந்த முறை 30-ஆம் தேதி, அடுத்த முறை சம்பளம் வந்த பிறகு 5-ஆம் தேதி என்று மாற்றினால், ஒரு மாதச் சம்பளம் அப்படியே லாபம்போலத் தெரியும்.

படி 2: தாளை அமையுங்கள்

கூகுள் ஷீட்டோ எக்செலோ, எதுவும் சரி. A-யில் பெயர், B-யில் மார்ச், C-யில் ஜூன். D-யை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். 2 முதல் 6 வரை சொத்து வரிசைகள், 7-இல் அதன் கூட்டுத்தொகை. 8 முதல் 10 வரை கடன், 11-இல் அதன் கூட்டுத்தொகை. 12-இல் நிகர மதிப்பு.

```
B7:  =SUM(B2:B6)
B11: =SUM(B8:B10)
B12: =B7-B11
```

இதே மூன்றையும் C-க்கும் இழுத்துவிடுங்கள்.

படி 3: எதை எந்த விலையில் எழுதுவது?

வங்கி இருப்பு, மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப் மூன்றிலும் குழப்பமில்லை. அந்த நாளில் காட்டும் தொகையை எழுதுங்கள். பி.எஃப் வட்டி மட்டும் வருடத்துக்கு ஒருமுறைதான் பாஸ்புக்கில் ஏறும். அந்தக் காலாண்டில் திடீரென ஒரு துள்ளல் தெரிந்தால் அதுதான் காரணம்.

நகைக்குக் கடை பில் தொகையைப் போடாதீர்கள். செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. கல் எடையைக் கழித்துவிட்டு, மீதிக் கிராமை அன்றைய 22 காரட் விலையால் பெருக்குங்கள். அடகில் இருக்கும் நகையைப் பட்டியலிலிருந்து எடுக்கவும் வேண்டாம். நகை சொத்துப் பக்கம், அதன் மேல் வாங்கிய கடன் கடன் பக்கம்.

ஃபிளாட்டை வாங்கிய விலையிலேயே விடுங்கள் என்பது என் கட்சி. 'பக்கத்து பிளாக்கில் 55-க்குப் போச்சாம்' என்பதை வைத்து ஒவ்வொரு காலாண்டும் திருத்தினால் மற்ற எல்லா மாற்றங்களும் அதில் மூழ்கிவிடும்.

சீட்டு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எடுக்காத சீட்டில் கட்டிய பணம் சொத்து. எடுத்துவிட்ட சீட்டில் பாக்கியிருக்கும் தவணைகள் கடன். கிரெடிட் கார்டிலும் அப்படித்தான், இந்த மாத பில்லை மட்டுமல்ல, ஈ.எம்.ஐ-யாக மாற்றியதில் மிச்சம் உள்ளதையும் சேர்த்து எழுதுங்கள்.

நம் குடும்பத்தின் தாள் இப்படி நிரம்புகிறது:

| | மார்ச் 31 | ஜூன் 30 |
|---|---|---|
| வங்கி, எஃப்.டி | 2,40,000 | 1,75,000 |
| மியூச்சுவல் ஃபண்ட் | 6,10,000 | 6,92,000 |
| பி.எஃப் | 7,80,000 | 8,16,000 |
| நகை, 160 கிராம் | 14,40,000 | 15,36,000 |
| ஃபிளாட் | 42,00,000 | 42,00,000 |
| மொத்தச் சொத்து | 72,70,000 | 74,19,000 |
| வீட்டுக் கடன் | 25,00,000 | 24,88,000 |
| நகைக் கடன் | 0 | 1,01,500 |
| கிரெடிட் கார்டு | 18,000 | 64,000 |
| மொத்தக் கடன் | 25,18,000 | 26,53,500 |
| நிகர மதிப்பு | 47,52,000 | 47,65,500 |

மூன்று மாதத்தில் 13,500 ரூபாய் கூடியிருக்கிறது. பரவாயில்லையே என்று தாளை மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள்.

படி 4: விலை ஏற்றத்தைத் தனியே பிரித்தெடுங்கள்

காலியாக விட்ட D-யில், நாம் ஒன்றும் செய்யாமலே விலை மாறியதால் வந்ததை மட்டும் எழுதுவோம். ஃபண்டில் மாதம் 10,000 எஸ்.ஐ.பி போனதால் 30,000 நம் பணம், மீதிதான் சந்தை கொடுத்தது. தங்கம் கிராம் 9,000-இலிருந்து 9,600 ஆனது. பி.எஃப்-இல் கூடிய 36,000 மாதாமாதம் கட்டியது, விலை அல்ல. வட்டி ஏறும் காலாண்டில் அந்த வட்டியை D4-இல் எழுதிவிடுங்கள்.

```
D3:  =C3-B3-30000
D5:  =160*(9600-9000)
D12: =SUM(D2:D6)
C13: =C12-B12-D12
```

D12-இல் 1,48,000 வருகிறது. C13-இல் வருவது -1,34,500. சந்தையும் தங்கமும் ஒன்றரை லட்சம் வரை கொடுத்திருக்கின்றன, குடும்பம் அதில் பெரும்பகுதியைக் கரைத்திருக்கிறது. தங்கம் ஏறாமல் நின்றிருந்தால் நிகர மதிப்பு 82,500 ரூபாய் இறங்கியிருக்கும். நான்கு காலாண்டும் கையில் வந்த பிறகு நான் முதலில் பார்ப்பது இந்த 13-ஆம் வரிசையைத்தான், 12-ஐ அல்ல.

ஒரு மைனஸுக்குப் பதறவும் வேண்டாம். ஜூன் காலாண்டில் பள்ளிக் கட்டணம் வந்து விழும். அதனால் ஜூனை மார்ச்சோடு ஒப்பிடுவதைவிடப் போன வருட ஜூனோடு ஒப்பிடுவதே நியாயம்.

படி 5: கடன் பக்கத்தில் இரண்டு கோடுகள்

முதல் கோடு, வீட்டுக் கடன் தவிர மற்ற கடன்கள் (9, 10-ஆம் வரிசைகள்). மார்ச்சில் 18,000, ஜூனில் 1,65,500. கட்டணத்துக்காக நகையை வைத்து வாங்கிய ஒரு லட்சம், செப்டம்பரில் அடைந்தால் சரி. கவனிக்க வேண்டியது அது அடையாமல் நிற்பதை. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக் கடனில் மாதத் தவணை கிடையாது, அதனால் கடன் வளர்வது கண்ணிலேயே படாது. ஏப்ரல் கடைசியில் 9 சதவீதத்தில் வைத்ததற்கு இரண்டு மாத வட்டி 1,500 சேர்ந்துவிட்டது. மேலே 1,01,500 என்று எழுதியது அதனால்தான். இரண்டு மூன்று காலாண்டு இந்த வரிசை இறங்கவே இல்லை என்றால், வட்டியை மட்டும் கட்டித் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது, வீட்டுக் கடன் இறங்கும் வேகம். 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் ஈ.எம்.ஐ சுமார் 21,700. மூன்று மாதத்தில் 65,000 கட்டியும் அசல் குறைந்தது 12,000 தான். தொடக்க வருடங்களில் அப்படித்தான் இருக்கும். அசலுக்குப் போகும் பங்கு வட்டியைத் தாண்டவே ஏறக்குறைய 12 வருடம் ஆகும். ஆனால் இந்த 12,000 காலாண்டுக்குக் காலாண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வர வேண்டும். குறைந்தால் வட்டி விகிதம் ஏறியிருக்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போவை 4-இலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது பலருக்கு ஈ.எம்.ஐ அப்படியே இருந்தது, தவணைக் காலம்தான் நீண்டது. மாதம் அதே பணம் போவதால் யாருக்கும் உறைக்கவில்லை. நம் குடும்பத்துக்கு விகிதம் 9.5 ஆகி ஈ.எம்.ஐ மாறாமல் இருந்தால், காலாண்டில் அசல் சுமார் 6,000 தான் குறையும். தாளில் அது உடனே தெரியும். அன்றே வங்கிக்குப் போய் மீதித் தவணை எத்தனை என்று கேளுங்கள், ஈ.எம்.ஐ-யைக் கூட்டிக்கொள்ள வழியுண்டு.

படி 6: கைப்பணம் எத்தனை மாதம் தாங்கும்?

ஈ.எம்.ஐ உட்பட மாதச் செலவு 60,000 என்றால், மார்ச்சில் வங்கியில் நான்கு மாதத்துக்குப் பணம் இருந்தது. ஜூனில் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பி.எஃப்-உம் ஃபிளாட்டும் இதில் சேராது, நாளைக்கே எடுக்க முடிகிற பணம் மட்டும். அடுத்த கட்டணம் வரும்போது மறுபடி நகை அடகுக்குப் போகுமா என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது.

கடைசியாக, 14-ஆம் வரிசையில் காரணத்தை ஒரே வரியில் எழுதிவையுங்கள்: 'ஜூன்: பள்ளிக் கட்டணம், புது போன், நகைக் கடன் ஒரு லட்சம்.' அடுத்த வருடம் இதே காலாண்டில் அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்காது.