இரவில் ஓய்வும் திசையும்

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடிக்கு இரவில் காரோட்டும்போது, கண் சொருகினால் சாலையோர மணலில் நான் வண்டியை நிறுத்துவதில்லை; சக்கரம் புதையக்கூடும் என்பதோடு, பின்னால் வரும் லாரிக்கு வண்டி தெரியாமலும் போகலாம். இராமநாதபுரத்தை ஒட்டி, விளக்கும் ஆள்நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டு, லாரிகள் திரும்பும் இடத்தை விட்டு ஒதுங்கி, இருபது நிமிடம் உறங்குகிறேன்.

விழித்ததும் திசை குழம்புவதே எனக்கிருந்த தொல்லை. நின்ற வண்டியில் கைப்பேசி வரைபடத்தின் அம்பு எந்தப் பக்கமும் காட்டும் என்பதால், உறங்குமுன்பே அடுத்த ஊரின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன். கிளம்பியபின் மைல்கல்லில் கீழக்கரை, ஏர்வாடி என வந்து தொலைவு குறைந்தால் வழி சரி. உச்சிப்புளி, மண்டபம் என்றால் வந்த வழியே திரும்புகிறோம். பரமக்குடி என்றால் அது மதுரைச் சாலை. அப்போதும் நடுச்சாலையில் வளைக்காமல், வெளிச்சமுள்ள சந்திப்பு வரை சென்றே திரும்புகிறேன்.