கடை இல்லாத பிளம்பர், எலக்ட்ரீசியன் கூகுள் மேப்பில் வருவது எப்படி?

என் மச்சான் மதுரை பழங்காநத்தத்தில் பிளம்பர். கடை கிடையாது. பைக், சாமான் பை, ஒரு போன், அவ்வளவுதான். மேப்பில் அவரைப் போட உட்கார்ந்த எங்களுக்கு மூன்றாவது முயற்சியில்தான் ஒப்புதல் கிடைத்தது. எங்கே சறுக்கினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு தொடங்குதல்

business.google.com/add போய், தொழில் செய்பவரின் சொந்த ஜிமெயிலிலேயே தொடங்குங்கள். என் ஜிமெயிலில் தொடங்கினால் நாளைக்கு மச்சான் ஒவ்வொன்றுக்கும் என்னைத் தேட வேண்டியிருக்கும். பெயர் இடத்தில் பில் புத்தகத்தில் இருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். "மதுரை பெஸ்ட் பிளம்பர் 24 மணி நேரம்" என்று நீட்டுவது விதிக்குப் புறம்பு, பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். முதன்மை வகை Plumber.

வாடிக்கையாளர் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பதால் முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் பகுதிகளை மட்டும் சேர்க்கலாம். 20 வரை சேர்க்க முடியும். நாங்கள் பழங்காநத்தம், காளவாசல், ஜெய்ஹிந்த்புரம் என்று ஆறு பகுதியோடு நிறுத்திக்கொண்டோம். பகுதியைக் கூட்டினால் அங்கெல்லாம் மேலே வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தேடுகிறவருக்கும் நமக்கும் உள்ள தூரத்தையும் கூகுள் பார்க்கிறது.

வீடியோ சரிபார்ப்பு

தொழில் உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க கூகுள் ஒரு வீடியோ கேட்கிறது. நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் தடவை வீட்டுக்குள் தரையில் ஸ்பேனர், பைப் ரெஞ்ச் எல்லாம் பரப்பிவைத்து எடுத்தோம். நிராகரிப்பு. இரண்டாவது தடவை பைக்கையும் சேர்த்தோம். அதுவும் போச்சு. அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: இடம் எங்கே இருக்கிறது, அங்கே இந்தத் தொழில் நடக்கிறதா, வீடியோ எடுப்பவர்தான் அதை நடத்துகிறாரா. எங்கள் வீடியோவில் சாமான் இருந்தது, தெரு இல்லை, பெயரும் இல்லை.

மூன்றாவது தடவை தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கினோம். அங்கிருந்து நடந்து, கதவு எண்ணைக் காட்டி, மச்சான் சாவி போட்டுப் பூட்டைத் திறந்தார். உள்ளே பெயர் ஒட்டிய சாமான் பெட்டி, பிவிசி கட்டர், பைப்புக்கு மரை போடும் டை. கடைசியாக பில் புத்தகத்தையும், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உதயம் பதிவுச் சான்றிதழையும் எழுத்து படிக்கும்படி நெருக்கமாகக் காட்டினோம். உதயம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. அதில் இருக்கும் பெயரும் மேப்பில் போட்ட பெயரும் ஒன்றாக இருக்கட்டும். எங்கேயும் நிறுத்தாமல், வெட்டாமல் ஒரே ஓட்டமாக ஒன்றரை நிமிடம் வந்தது. கேலரியில் இருக்கும் பழைய வீடியோவை ஏற்ற முடியாது, போனில் கூகுளின் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறந்து அதிலேயே எடுக்க வேண்டும். நாலாவது நாள் ஒப்புதல் வந்தது.

சின்ன வீடியோ

இது சரிபார்ப்பு வீடியோ இல்லை, வாடிக்கையாளர் பார்ப்பதற்கு. மேப் பக்கத்தில் இப்படிப் போட 30 விநாடி வீடியோதான் ஏறும். அதனால் அதற்குள்ளேயே எடுத்து, அதையே யூடியூப் ஷார்ட்ஸிலும் போடுங்கள். முகம் காட்டிப் பேசுவதைவிட வேலையைக் காட்டுவதுதான் எனக்குப் பிடிக்கும். மச்சான் எடுத்ததில் அதிகம் பேர் விசாரித்தது ஃப்ளஷ் டேங்க் கசிவு வீடியோ. டேங்க்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விடுகிறார். கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. அப்புறம் கோப்பையில் தண்ணீர் நீலமாக இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். இடையில் காத்திருந்ததை வெட்டிவிட்டால் 25 விநாடிதான். தலைப்பில் ஊர் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும்.

ரிவ்யூ

Ask for reviews அழுத்தினால் ஒரு லிங்க் வரும். வேலை முடிந்து, குழாயைத் திறந்து காட்டி, காசு வாங்கிய கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். மறுநாள் அனுப்பினால் மறந்துவிடுவார்கள். மச்சான் சொல்வது இவ்வளவுதான்: "என்ன வேலை பார்த்தேன்னு ரெண்டு வரி தமிழ்லயே போடுங்க சார்." "குட்" என்ற ஒற்றைச் சொல்லைவிட "மாடி டேங்க் வால்வு மாற்றினார், ஒழுகல் நின்றது" என்பதைப் படிக்கிறவர்தான் போன் போடுவார். ரிவ்யூ போட்டால் கூலியில் குறைப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது விதிமீறல். திருப்தியானவருக்கு மட்டும் பார்த்து லிங்க் அனுப்புவதும் அப்படித்தான்.

பின்சேர்க்கை: ஒரு எலக்ட்ரீசியன் தம்பி கேட்டிருந்தார், ஒரே நாளில் வந்த பத்து ரிவ்யூ ஏன் காணாமல் போயிற்று என்று. விசாரித்தால் எல்லாம் வீட்டு ஆட்கள், ஒரே வைஃபையில் உட்கார்ந்து போட்டது. சொந்தக்காரர் ரிவ்யூவே விதிக்கு ஒவ்வாது. போனதை விட்டுவிட்டு, இனிமேல் பார்க்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு லிங்க் என்று தொடங்குங்கள் தம்பி. குறை சொல்லி யாராவது எழுதினாலும் அழிக்க அலையாமல், என்ன நடந்தது, எப்போது வந்து சரிசெய்வீர்கள் என்று அதன் கீழேயே பதில் போடுங்கள்.