பி.சி.ஜி. ஆல்புமின் டெஸ்ட்: கலக்கிய 30 நொடிக்குள் ஏன் ரீடிங் எடுக்க வேண்டும்?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கத்தில் சிறிய லேபில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். செமி ஆட்டோ அனலைசரில் சீரம் ஆல்புமின் போடுவது மிகச் சுலபமான டெஸ்ட் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ரியேஜன்ட் ஒரு மில்லி, சீரம் 10 மைக்ரோலிட்டர், கலக்கு, படி. கை வேலை அவ்வளவுதான். ஆனால் கலக்கியதற்கும் படித்ததற்கும் நடுவில் எத்தனை நேரம் போனது என்பதில்தான் இந்த டெஸ்டின் சரியும் தப்பும் இருக்கிறது.

முதலில் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ரியேஜன்டில் இருப்பது பி.சி.ஜி. எனப்படும் புரோமோகிரெசால் கிரீன் என்ற சாயம். அதோடு பி.எச். சுமார் 4.2-இல் நிற்கும்படி ஒரு பஃபரும், கலங்கல் வராமல் இருக்கக் கொஞ்சம் டிடர்ஜென்டும் சேர்த்திருப்பார்கள். இந்த பி.எச்.-இல் ஆல்புமினுக்கு நேர்மின்னேற்றம், சாயத்துக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் உடனே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் மஞ்சளாக இருந்த சாயம் பச்சை நீலமாக மாறுகிறது. அந்த நிறத்தைத்தான் 630 நானோமீட்டரில் அளக்கிறோம்.

ஆல்புமின் இந்த வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடும். ஆனால் சீரத்தில் ஆல்புமின் மட்டுமா இருக்கிறது? ஹாப்டோகுளோபின், டிரான்ஸ்ஃபெரின் போன்ற ஆல்ஃபா, பீட்டா குளோபுலின்களும் இதே சாயத்தைப் பிடிக்கும். அவை நிதானமாக, நிமிடக்கணக்கில் பிடிக்கும். ஆக, 30 நொடியில் தெரிவது பெரும்பாலும் ஆல்புமினின் நிறம். பத்து நிமிடம் கழித்துத் தெரிவது ஆல்புமினோடு குளோபுலினும் சேர்ந்த நிறம். 1970-களிலேயே இதைக் கண்டுபிடித்து, சீக்கிரம் படியுங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

இனி செய்முறைக்கு வருவோம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரியேஜன்ட் அறை வெப்பத்துக்கு வரட்டும். சில்லென்று இருக்கும் திரவம் நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடியில் பனி படியச் செய்து ரீடிங்கை ஏற்றிவிடும். மெஷினில் `End point` முறை, 630 நானோமீட்டர், ஸ்டாண்டர்டின் அளவு (பெரும்பாலும் 4 கிராம்/டெசிலிட்டர், பாட்டில் லேபிளைப் பாருங்கள்) ஆகியவற்றைப் பதியுங்கள். `Delay` என்ற இடத்தில் எத்தனை நொடி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உறிஞ்சிய பிறகு மெஷின் அத்தனை நொடி காத்திருந்துதான் படிக்கும்.

வெறும் ரியேஜன்டை உறிஞ்சவிட்டு பிளாங்க் போடுங்கள். பிறகு எல்லாக் குழாய்களிலும் ஒரு மில்லி ரியேஜன்ட் ஊற்றி வரிசையாக வையுங்கள். சீரத்தை மட்டும் இப்போதே போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஸ்டாண்டர்டு. 10 மைக்ரோலிட்டர் எடுத்து, டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ரியேஜன்டுக்குள் விட்ட கணமே ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். குழாயை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். டிடர்ஜென்ட் இருப்பதால் வேகமாகக் குலுக்கினால் நுரைக்கும். அந்தக் குமிழி ஃப்ளோ செல்லுக்குள் போனால் ரீடிங் கண்டபடி வரும். `Delay` 5 நொடி என்றால் 25-ஆவது நொடியில் உறிஞ்சும் பட்டனை அழுத்துங்கள். ரீடிங் முப்பதில் விழும். அதை முடித்த பிறகே அடுத்த குழாயில் சீரம். கன்ட்ரோல் சீரம், நோயாளிகள் எல்லோருக்கும் இதே கணக்கு.

இங்கேதான் பலருக்கும் கை மாறுகிறது. காலை முதல் பஸ்ஸில் வந்தவர்களின் ரத்தம் மொத்தமாகச் சேர்ந்ததும், பன்னிரண்டு குழாயிலும் சீரத்தைப் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். "எல்லாக் குழாய்க்கும் ஒரே இடைவெளிதானே, ஸ்டாண்டர்டையும் தாமதமாகத்தானே படிக்கிறேன், கழிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். கழியாது. ஸ்டாண்டர்டு பாட்டிலில் இருப்பது சுத்திகரித்த ஆல்புமின். அதில் மெதுவாக ஒட்டக் குளோபுலின் இல்லை. பத்து நிமிடம் வைத்தாலும் அதன் நிறம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நோயாளியின் குழாய் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து காலையில் கண் இமை வீங்குகிறது என்று ஒரு பையனை அழைத்து வருகிறார்கள். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது. ஸ்டாண்டர்டு 30 நொடியில் 0.480, அவன் சீரம் 0.228.

```
30 நொடி:  0.228 / 0.480 × 4 = 1.9
10 நிமிடம்: 0.290 / 0.484 × 4 = 2.4
```

அதே குழாய், அதே சீரம், அரை கிராம் வித்தியாசம். மொத்தப் புரதம் 5.2 என்றால் முதல் ரீடிங்கில் குளோபுலின் 3.3, ஏ/ஜி விகிதம் 0.58. இரண்டாவதில் குளோபுலின் 2.8, விகிதம் 0.86. குளோபுலினைக் கழித்துத்தானே எடுக்கிறோம். அதனால் ஒரு பக்கம் ஏறிய தப்பு மறுபக்கம் இறங்கி, விகிதத்தை இரண்டு பக்கமிருந்தும் கெடுக்கிறது.

நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இதே தாமதம் 4.2-ஐ 4.4 ஆக்கலாம். இரண்டுமே நார்மல், யாருக்கும் சந்தேகம் வராது. நெஃப்ரோடிக் நோயாளியிடம் ஆல்புமின் சிறுநீரில் போய்விடுகிறது, ஆல்ஃபா-2 குளோபுலின் கூடியிருக்கிறது. கடுமையான தொற்று, அழற்சி உள்ளவர்களிடமும் ஆல்புமின் இறங்க, ஹாப்டோகுளோபின் ஏறுகிறது. சரியான எண் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் தாமதம் அதிகம் ஏமாற்றும். நார்மல் கன்ட்ரோல் சரியாக வந்தது என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஆல்புமின் குறைந்த கன்ட்ரோலையும் ஓட்டுங்கள்.

உங்கள் ரியேஜன்ட் எப்படி நடந்துகொள்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஸ்டாண்டர்டு, நல்ல உடல்நிலை உள்ள ஒருவரின் சீரம், ஆல்புமின் குறைந்த ஒரு சீரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கலக்கி, ஒவ்வொன்றையும் 30 நொடி, 1, 2, 5, 10 நிமிடங்களில் படியுங்கள். ஒரே ஒரு தடவை உறிஞ்சி ஃப்ளோ செல்லிலேயே வைத்திருந்து படித்தால் இன்னும் சுத்தம். ஸ்டாண்டர்டின் கோடு தட்டையாகவும் மற்றவை ஏறுமுகமாகவும் இருக்கும். ஸ்டாண்டர்டும் ஏறினால் காரணம் குளோபுலின் இல்லை. கலக்கியது போதவில்லை, அல்லது பல்பு இன்னும் சூடாகவில்லை. கரண்ட் போய் வந்த உடனே படித்தால் இந்த இரண்டாவது அடிக்கடி நடக்கும்.

கிட் காகிதத்தில் 1 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று வேறு நேரம் போட்டிருந்தால்? அந்த நேரத்தை நீங்களாக மாற்றிவிட்டு அதே நார்மல் எல்லையைப் போட்டு ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது. மேலே சொன்ன சோதனையைச் செய்து, முடிவை லேப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். சீக்கிரம் படிக்கச் சொல்லும் கிட்டுக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து.

30 நொடியில் படித்தாலும் குளோபுலினின் பங்கு முழுதாகப் போய்விடாது, பி.சி.ஜி. கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். புரோமோகிரெசால் பர்பிள் என்ற இன்னொரு சாயம் ஆல்புமினை இன்னும் குறிப்பாகப் பிடிக்கும், ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளிடம் குறைத்துக் காட்டக்கூடும். சிறுநீரக மருத்துவத்துக்கான கே.டி.ஐ.ஜி.ஓ. 2021 வழிகாட்டி, பி.சி.ஜி.-யில் வரும் 2.5-ஐ பர்பிள் முறையின் 2.0-க்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தொடங்கலாமா என்பது சிலருக்கு அந்த எல்லையில்தான் முடிவாகிறது. அதனால் ரிப்போர்ட்டில் ஆல்புமின் என்று மட்டும் விடாமல், பக்கத்திலேயே முறை பி.சி.ஜி. என்றும் அச்சிடுங்கள். தஞ்சாவூருக்கு அனுப்பப்படும் நோயாளி அங்கே வேறு முறையில் பார்த்த எண்ணோடு வரும்போது, இரண்டையும் வைத்து ஒப்பிடும் டாக்டருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.