செமஸ்டர் சராசரிகளிலிருந்து சிஜிபிஏ கணக்கிடுவது எப்படி?

நான்கு செமஸ்டர் சராசரிகளையும் கூட்டி நான்கால் வகுத்தால் சிஜிபிஏ வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா செமஸ்டருக்கும் ஒரே அளவு கிரெடிட் இருந்தால் அந்த விடை சரியாகவே வரும். கிரெடிட் கூடிக் குறைந்திருந்தால் அநேகமாகத் தவறும். எவ்வளவு தவறும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 10 புள்ளி அளவில் ஒரு மாணவியின் கணக்கு இது:

- முதல் செமஸ்டர்: 24 கிரெடிட், சராசரி 7.2
- இரண்டாவது: 22 கிரெடிட், சராசரி 7.5
- மூன்றாவது: 20 கிரெடிட், சராசரி 8.0
- நான்காவது: 10 கிரெடிட், சராசரி 9.5

முதலில், நேரடிச் சராசரி

7.2 + 7.5 + 8.0 + 9.5 = 32.2. நான்கால் வகுத்தால் 8.05. எட்டைத் தாண்டிவிட்டது! ஆனால் மதிப்பெண் பட்டியலில் இந்த எண் வராது.

படி 1: வகுத்ததைத் திரும்பப் பெருக்குங்கள்

செமஸ்டர் சராசரி எப்படி வந்தது என்று யோசித்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அந்த செமஸ்டரின் மொத்த கிரெடிட்டால் வகுத்திருக்கிறார்கள். ஆக, சராசரியை அதே கிரெடிட்டால் பெருக்கினால் அந்த செமஸ்டரில் சேர்த்த மொத்தப் புள்ளிகள் திரும்பக் கிடைத்துவிடும்.

- 24 × 7.2 = 172.8
- 22 × 7.5 = 165
- 20 × 8.0 = 160
- 10 × 9.5 = 95

9.5 என்ற அருமையான சராசரி சேர்த்தது 95 புள்ளிதான். சுமாராகத் தெரியும் 7.2 சேர்த்தது 172.8.

படி 2: புள்ளிகளைத் தனியாக, கிரெடிட்டுகளைத் தனியாகக் கூட்டுங்கள்

புள்ளிகள் 592.8. கிரெடிட்டுகள் 24 + 22 + 20 + 10 = 76.

படி 3: வகுங்கள்

592.8 ÷ 76 = 7.80. நேரடிச் சராசரியைவிட 0.25 குறைவு. தகுதி வரம்பு 8 என்று இருந்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லவே வேண்டாம்.

ஏன் குறைந்தது? நேரடிச் சராசரியில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கால் பங்கு. கடைசி செமஸ்டர் அந்தக் கால் பங்கைப் பத்தே கிரெடிட்டில் பெறுகிறது, முதல் செமஸ்டருக்கோ 24 கிரெடிட் தேவைப்படுகிறது. அதாவது, கடைசி செமஸ்டரின் ஒரு கிரெடிட் முதல் செமஸ்டரின் 2.4 கிரெடிட்டுக்குச் சமமாகிவிடுகிறது. உண்மையில் 76 கிரெடிட்டில் அதன் பங்கு 13 சதவீதம்தான்.

இதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது. குறைந்த கிரெடிட் உள்ள செமஸ்டர்களில் சராசரி உயர்ந்திருந்தால் சரியான விடை நேரடிச் சராசரிக்குக் கீழே வரும். கிரெடிட் அதிகமுள்ளவற்றில் உயர்ந்திருந்தால் மேலே வரும். திசை மாறி வந்தால் எங்கோ பெருக்கலில் பிசகு.

எக்செல் போன்ற விரிதாளில் B பத்தியில் கிரெடிட், C பத்தியில் சராசரி என்று 2 முதல் 5 வரையான வரிசைகளில் போட்டுவிட்டு இதைக் கொடுங்கள்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUM(B2:B5)
```

புது செமஸ்டர் வந்ததும்

இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. மூன்று செமஸ்டர் முடிவில் அந்த மாணவியின் சிஜிபிஏ 7.54. அதையும் 9.5-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 8.52! மூன்று செமஸ்டர் உழைப்பும் ஒரே செமஸ்டரும் சமம் என்று ஆகிவிட்டது. பழைய சிஜிபிஏவை அதுவரை சேர்ந்த 66 கிரெடிட்டால் பெருக்கி, 95-ஐக் கூட்டி, 76-ஆல் வகுக்க வேண்டும். அப்போது மறுபடி 7.80 வரும்.

எந்த கிரெடிட்டை எடுப்பது?

செமஸ்டர் சராசரி கணக்கிடும்போது எந்த கிரெடிட்டால் வகுத்தார்களோ, அதே கிரெடிட்டைத்தான் எடுக்க வேண்டும். தேர்ச்சி என்று மட்டும் குறித்து, தரப்புள்ளி தராத பாடங்களின் கிரெடிட் பொதுவாக இந்த வகுத்தலில் சேராது. அதைச் சேர்த்துப் பெருக்கினால் அந்த செமஸ்டருக்கு இல்லாத எடை வந்துவிடும். தவறிய பாடத்தையும் திரும்ப எழுதிய பாடத்தையும் எப்படிச் சேர்ப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் உங்கள் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அச்சிட்ட சராசரி இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கப்பட்டது. அதனால் விடையில் 0.005 வரை பிசகலாம். விடை 7.996 என்பதுபோல வரம்பை ஒட்டி நின்றால் செமஸ்டர் சராசரிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் தரப்புள்ளியையும் வைத்து முதலிலிருந்து கணக்கிடுங்கள்.